முகங்கள் முனைகளாகும்போது: சமதளப் படமும் அதன் இருமமும்

தாளின் மீது சில புள்ளிகளைக் குறித்து, அவற்றுள் வேண்டியவற்றைக் கோடுகளால் சேர்த்து, எந்த இரு கோடுகளும் அந்தப் புள்ளிகளில் அன்றி வேறெங்கும் சந்திக்காதபடி வரைந்தால் கிடைப்பது ஒரு சமதளப் படம் ஆகும். புள்ளிகள் அதன் முனைகள் எனவும் கோடுகள் அதன் விளிம்புகள் எனவும் பெயர் பெறும். எந்த முனை எந்த முனையோடு சேர்ந்துள்ளது என்ற செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, வரைந்த விதத்தை மறந்துவிட்டால் எஞ்சுவது கோட்டுரு. ஆகவே ஒரே கோட்டுருவுக்குப் பல படங்கள் இருக்கலாம் என்பதும், படம் என்பது கோட்டுருவைவிடக் கூடுதலான செய்தியைத் தாங்கியது என்பதும் தொடக்கத்திலேயே நினைவில் கொள்ளத்தக்கவை. படத்தின் விளிம்புகள் தாளைப் பிரித்து உண்டாக்கும் பகுதிகள் அதன் முகங்கள். படத்தைச் சூழ்ந்து எல்லையின்றிப் பரந்திருக்கும் வெளிப்பகுதியும் ஒரு முகமாகவே எண்ணப்படும்; அதே படத்தைத் தாளுக்கு மாறாக ஒரு கோளத்தின் மேல் வரைந்திருந்தால் வெளிமுகம் என்று தனியே சுட்டத்தக்க ஒன்று இராது என்பதே அதற்குக் காரணம்.

இருமம் உருவாகும் முறை எளிது. ஒவ்வொரு முகத்தின் உள்ளேயும் ஒரு புதிய முனையை வைக்க வேண்டும். பழைய விளிம்பு ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் முகங்கள் இருக்கின்றன; அவ்விரு முகங்களின் புதிய முனைகளை, அந்தப் பழைய விளிம்பை ஒரே ஒருமுறை குறுக்கே கடக்கும் புதிய விளிம்பால் இணைக்க வேண்டும். எல்லா விளிம்புகளுக்கும் இவ்வாறு செய்து முடித்தால் கிடைக்கும் புதிய படமே இருமம். புதிய விளிம்புகளும் ஒன்றையொன்று வெட்டாமல் செல்லும்படி வரைய முடியும் என்பதால் இருமமும் ஒரு சமதளப் படமே. பழைய படம் ஒரே துண்டாக இருந்தால், அதன் ஒவ்வொரு முனையையும் சுற்றி இருமத்தின் ஒரு முகம் அமைகிறது. அதனால் இருமத்துக்கு மீண்டும் இருமம் எடுத்தால் பழைய படமே திரும்பக் கிடைக்கிறது.

க, ச, த, ப என்னும் நான்கு முனைகளைக் கொண்ட ஒரு நாற்கரத்தை எடுத்துக்கொண்டு, கத என்னும் மூலைவிட்டத்தையும் வரைந்தால், நான்கு முனைகளும் ஐந்து விளிம்புகளும் உடைய படம் கிடைக்கும். முகங்கள் மூன்று: கசத என்னும் முக்கோணம், கதப என்னும் முக்கோணம், வெளிமுகம். ஆகவே இருமத்துக்கு மூன்று முனைகள். மூலைவிட்டத்தின் இருபுறமும் இரு முக்கோணங்கள் இருப்பதால், அதற்குரிய புதிய விளிம்பு அவ்விரு முக்கோணங்களின் முனைகளைச் சேர்க்கிறது. கச, சத ஆகிய இரண்டும் முதல் முக்கோணத்தை வெளிமுகத்திலிருந்து பிரிப்பவை. எனவே முதல் முக்கோணத்துக்கும் வெளிமுகத்துக்கும் இடையே இரண்டு புதிய விளிம்புகள் ஓடுகின்றன. தப, பக ஆகியவற்றால் இரண்டாம் முக்கோணத்துக்கும் அவ்வாறே இரண்டு. மூன்று முனைகள், ஐந்து விளிம்புகள்; அவற்றுள் இரண்டிடங்களில் இரட்டை விளிம்புகள்.

இந்த இரட்டை விளிம்புகளை விட்டுவிடுவதுதான் இருமத்தை முதன்முதலில் வரைவோரிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை. அதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. நாட்டுப்படத்துக்கு வண்ணமிடும் சிக்கலைப் பற்றி 1879இல் எழுதிய ஆல்ஃபிரட் கெம்பே, படத்தின் மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து, மாவட்டம் ஒவ்வொன்றின் மீதும் ஒரு புள்ளியை இட்டு, பொது எல்லை உடையவற்றைக் கோட்டால் இணைக்கலாம் என்று காட்டினார். நான்கு வண்ணங்கள் போதும் என்று அவர் அக்கட்டுரையில் தந்த நிறுவலில் குறை இருப்பதை 1890இல் ஹீவுட் வெளிப்படுத்தினார். எனினும் மாவட்டத்தைப் புள்ளியாக்கும் அந்த வழி நிலைத்துவிட்டது. வண்ணமிடுவதற்கு, இரு மாவட்டங்கள் எல்லையைப் பகிர்கின்றனவா இல்லையா என்பது மட்டுமே தேவை; எத்தனை எல்லைத்துண்டுகளைப் பகிர்கின்றன என்பது தேவையில்லை. அதனால் ஒரு கோடே போதும் என்ற பழக்கம் வேரூன்றியது. ஆனால் அவ்வாறு கிடைப்பது அண்மைக் கோட்டுரு என்று சொல்லத்தக்க வேறொரு பொருளே அன்றி இருமம் அன்று. பிழை நேர்ந்துள்ளதா என்பதை அறிய ஒரே ஒரு சோதனை போதும்: இருமத்தின் விளிம்புகளை எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கை பழைய படத்தின் விளிம்பு எண்ணிக்கைக்குச் சமமாக உள்ளதா என்று காண வேண்டும். மேற்கண்ட நாற்கரத்தில் ஐந்து வராமல் மூன்று வந்தால், இரட்டை விளிம்புகள் ஒற்றையாக்கப்பட்டுவிட்டன என்று பொருள்.

முனைகளின் எண்ணிக்கை மாறிவிட்டது. முகங்களின் எண்ணிக்கை மாறிவிட்டது. ஒரு முனையில் எத்தனை விளிம்புகள் கூடுகின்றன என்பதும் மாறிவிட்டது. அப்படியானால் மாறாமல் நிற்பது எது என்ற வினாவுக்கு விளிம்புகளிலிருந்தே விடை தேட வேண்டியிருக்கிறது. ஏனெனில் பழைய விளிம்புக்குப் புதிய விளிம்பு என்ற ஒன்றுக்கொன்றான பொருத்தமே இரு படங்களையும் கட்டி நிற்கும் ஒரே கயிறு.

முனையிலிருந்து புறப்பட்டு, எந்த முனையையும் இடையில் இருமுறை தொடாமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் வழி சுழற்சி எனப்படும். கோட்டுருவின் முனைகளை இரு கூட்டங்களாகப் பிரித்து, ஒரு கூட்டத்திலிருந்து மறு கூட்டத்துக்குச் செல்லும் விளிம்புகள் அனைத்தையும் எடுத்தால் அது ஒரு வெட்டு. தனக்குள் வேறொரு சிறிய வெட்டை அடக்காதது மீச்சிறு வெட்டு. ஒரு சமதளப் படத்தில் உள்ள சுழற்சி, தாளை உள்ளே வெளியே என இரு பகுதிகளாகப் பிரிக்கும் மூடிய கோடு ஆகும். கண்ணுக்கு இது ஐயத்துக்கு இடமற்றதாகத் தோன்றினாலும், எவ்வளவு சிக்கலாக வளையும் கோட்டுக்கும் இது பொருந்தும் என்பது ஒரு தேற்றம்; 1887இல் அதற்கு நிறுவல் தந்த கமில் ஜோர்டானின் பெயரால் அது வழங்குகிறது. சுழற்சியின் உள்ளே சில முகங்கள், வெளியே சில முகங்கள். உள்ளிருக்கும் முகத்தையும் வெளியிருக்கும் முகத்தையும் சேர்க்கும் புதிய விளிம்புகள், சுழற்சியின் விளிம்புகளைக் கடப்பவை மட்டுமே. ஆகவே பழைய படத்தின் சுழற்சிகள் இருமத்தின் மீச்சிறு வெட்டுகளாகவும், பழைய படத்தின் மீச்சிறு வெட்டுகள் இருமத்தின் சுழற்சிகளாகவும் மாறுகின்றன. நாற்கரத்தில் கசத என்னும் முக்கோணத்தின் மூன்று விளிம்புகளையும் கடக்கும் புதிய விளிம்புகள், அம்முக்கோணத்துக்குள் வைத்த முனையை மற்ற இரண்டிலிருந்தும் பிரிக்கும் வெட்டாக நிற்கின்றன. ச என்னும் முனையில் கூடும் இரு விளிம்புகளைக் கடக்கும் புதிய விளிம்புகளோ, அம்முனையைச் சுற்றிவரும் இரண்டே விளிம்புகளாலான சுழற்சியாகின்றன. இதன் கடைக்கோடி வடிவம் ஒன்று உண்டு: நீக்கினால் படத்தை இரு துண்டாக்கும் ஒற்றை விளிம்பு, அதாவது பாலம், தன் இருபுறமும் ஒரே முகத்தைக் கொண்டிருப்பதால், இருமத்தில் ஒரே முனையில் புறப்பட்டு அதே முனையில் முடியும் கண்ணியாகிறது. கண்ணிகள் அவ்வாறே பாலங்களாகின்றன.

இந்தப் பரிமாற்றத்திலிருந்து பிறப்பதே அளாவு மரங்களைப் பற்றிய முடிவு. எல்லா முனைகளையும் ஒன்றாக இணைத்து, ஆனால் எங்கும் சுழற்சியை உண்டாக்காத விளிம்புத் தொகுதி அளாவு மரம் எனப்படும். படத்தில் ஓர் அளாவு மரத்தை எடுத்து, அதில் சேராத விளிம்புகளை மட்டும் கடக்கும் புதிய விளிம்புகளை நோக்கினால், அவை இருமத்தின் அளாவு மரமாக அமைகின்றன. அவற்றுள் ஒரு சுழற்சி இருக்குமானால், அது பழைய முனைகளுள் சிலவற்றைத் தன்னுள் அடைத்துக்கொண்டு மற்றவற்றைப் புறத்தே விட்டிருக்கும். பழைய மரம் இரு பகுதிகளையும் இணைக்க வேண்டுமாதலால் அதன் விளிம்பு ஒன்று அந்தச் சுழற்சியைக் கடந்தாக வேண்டும். ஆனால் மர விளிம்புகளைக் கடக்கும் புதிய விளிம்பு எதுவும் எடுக்கப்படவில்லை. எடுத்த புதிய விளிம்புகள் முகங்கள் அனைத்தையும் இணைக்கத் தவறுமானால், பிரிந்து நிற்கும் முகக் கூட்டத்தைச் சுற்றிலும் மர விளிம்புகளே வேலியாக நிற்க வேண்டும்; வேலி என்பது சுழற்சி; மரத்தில் சுழற்சி இல்லை. இரு வழியும் அடைபடுகின்றன.

நாற்கரத்தில் இதைக் கையால் சரிபார்க்கலாம். நான்கு முனைகளை இணைக்கும் மரத்துக்கு மூன்று விளிம்புகள் வேண்டும். ஐந்திலிருந்து மூன்றைத் தேர்வதற்குப் பத்து வழிகள். அவற்றுள் முக்கோணமாக அமைந்துவிடும் இரண்டைக் கழித்தால் எட்டு மரங்கள். இருமத்தின் மூன்று முனைகளுக்கு இரண்டு விளிம்புகள் வேண்டும். ஐந்திலிருந்து இரண்டைத் தேர்வதற்கும் பத்து வழிகளே. அவற்றுள் இரட்டை விளிம்புகளை ஒருசேர எடுக்கும் இரண்டைக் கழித்தால் இங்கும் எட்டு. எண்ணிக்கை ஒத்துப்போவதைவிட ஆழமான செய்தி, கழிக்கப்பட்டவையும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்பது: கச, சத ஆகியவற்றைக் கடக்கும் இரட்டை விளிம்புகளை எடுத்ததால் ஒரு தேர்வு கழிந்தது, பழைய படத்தில் அவ்விரண்டையும் விட்டால் எஞ்சுவது கதப என்னும் முக்கோணம், அதுவும் கழிந்ததே. இரட்டை விளிம்புகளை ஒற்றையாக்கிய அண்மைக் கோட்டுருவிலோ மூன்று மரங்களே கிடைக்கும். எட்டு என்னும் எண் தொலைந்துபோகும்.

முனைகளின் எண்ணிக்கையை V எனவும் விளிம்புகளை E எனவும் முகங்களை F எனவும் குறித்தால், பழைய மரத்தில் V − 1 விளிம்புகளும் புதிய மரத்தில் F − 1 விளிம்புகளும் உள்ளன. ஒவ்வொரு விளிம்பும் இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே உரியது. ஆகவே (V − 1) + (F − 1) = E; அதாவது V − E + F = 2. ஆய்லர் 1750இல் ஒரு கடிதத்தில் அறிவித்த இந்தச் சமன்பாட்டுக்குப் பல நிறுவல்கள் உண்டெனினும், இரு மரங்கள் விளிம்புகளைத் தமக்குள் மிச்சமின்றிப் பங்கிட்டுக்கொள்வதைக் காட்டும் இந்நிறுவலே காரணத்தைக் கண்ணெதிரே வைப்பது. 1847இல் வெளிவந்த ஃபான் ஷ்டௌட்டின் வடிவியல் நூலில் இதன் கரு காணப்படுகிறது. மின்சுற்றுகளை ஆராயும்போது கிர்க்காஃப் அளாவு மரங்களைப் பயன்படுத்தியதும் அதே ஆண்டில்தான்.

கனசதுரத்தின் மேற்பரப்பைச் சமதளப் படமாகக் கொண்டால் முனைகள் 8, விளிம்புகள் 12, முகங்கள் 6. அதன் இருமம் எட்டு முக்கோணங்களால் ஆன எண்முகி. அதற்கு முனைகள் 6, விளிம்புகள் 12, முகங்கள் 8. இவ்விரண்டுக்கும் அளாவு மரங்கள் 384. இந்தப் பொருத்தம் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரிக்கும்போது கைக்கு எட்டுகிறது. கனசதுரப் பெட்டியின் விளிம்புகளை வெட்டி, ஆறு முகங்களும் ஒரே துண்டாக மேசைமீது தட்டையாக விரியும்படி செய்ய வேண்டுமானால், வெட்டப்பட்ட விளிம்புகள் ஒன்றோடொன்று தொடர்ந்து நின்று எட்டு முனைகளையும் தொட வேண்டும். எந்த முனையாவது வெட்டுப்படாமல் இருந்தால் அங்கே அட்டை மடிந்தே நிற்கும். வெட்டுகள் எங்காவது சுழற்சியாகச் சேர்ந்துவிட்டால் ஒரு துண்டு கழன்று விழும். ஆகவே வெட்டப்படுபவை கனசதுரத்தின் அளாவு மரமான ஏழு விளிம்புகள். வெட்டாமல் மடிப்பாக நிற்கும் ஐந்து விளிம்புகள், ஆறு முகங்களைக் கோத்து வைத்திருக்கும் எண்முகியின் அளாவு மரம். சுழற்றியும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரட்டியும் ஒன்றாகிவிடுபவற்றை ஒன்றாகவே எண்ணினால், அந்த 384 வழிகளும் 11 விரிப்பு வடிவங்களில் அடங்கிவிடுகின்றன.

இனி, இருமம் கோட்டுருவுக்கு உரியதா படத்துக்கு உரியதா என்ற வினா. முக்கோணம் ஒன்றின் இரு வெவ்வேறு முனைகளில் தலைக்கு ஒரு வால் விளிம்பை ஒட்டினால், ஐந்து முனைகளும் ஐந்து விளிம்புகளும் உடைய கோட்டுரு கிடைக்கிறது. இரு வால்களையும் முக்கோணத்துக்கு வெளியே வரையலாம். ஒன்றை உள்ளேயும் மற்றொன்றை வெளியேயும் வரையலாம். எவ்வாறு வரைந்தாலும் முகங்கள் இரண்டே. இருமத்தில் இரண்டு முனைகளும், அவற்றிடையே மூன்று விளிம்புகளும், வால்களுக்குரிய இரு கண்ணிகளும் இருக்கும். முதல் படத்தில் இரு கண்ணிகளும் வெளிமுகத்தின் முனையிலேயே தொங்குகின்றன. இரண்டாம் படத்தில் முனைக்கு ஒன்றாகத் தொங்குகின்றன. இரண்டும் வேறுவேறு கோட்டுருக்கள். எப்படி நகர்த்தினாலும் ஒன்று மற்றொன்றாகாது. ஒரே கோட்டுருவுக்கு ஒரே இருமம் என்ற எண்ணம் இங்கே உடைகிறது. ஆயினும் இரண்டிலும் அளாவு மரங்கள் மூன்றே. சுழற்சிகளும் மீச்சிறு வெட்டுகளும் அதே விளிம்புகளால் ஆனவையே.

ஒரே துண்டாக இல்லாத படத்தில் மற்றொரு இழப்பும் நேர்கிறது. தனித்தனியே நிற்கும் இரு முக்கோணங்களுக்கு ஆறு முனைகள், ஆறு விளிம்புகள், மூன்று முகங்கள். இருமம் எப்போதும் ஒரே துண்டாகவே இருக்குமாதலால், அதற்கு மீண்டும் இருமம் எடுக்கும்போது பழைய பிரிவு திரும்புவதில்லை. ஒரு முனையில் ஒட்டிக்கொண்ட இரு முக்கோணங்கள் ஐந்து முனைகளோடு வெளிப்படுகின்றன. இங்கும் சுழற்சிகள் பழையபடி இரண்டே.

படத்தை மாற்றினால் மாறுவது எது, மாறாதது எது என்ற இந்தக் கேள்வியை அமெரிக்கக் கணிதவியலாளர் ஹாஸ்லர் விட்னி 1930களின் தொடக்கத்தில் தலைகீழாக்கினார். தாளையும் முகங்களையும் அறவே விட்டுவிட்டு, சுழற்சிகள் மீச்சிறு வெட்டுகளாக மாறும்படி இரு கோட்டுருக்களின் விளிம்புகளை ஒன்றுக்கொன்றாகப் பொருத்த முடியுமானால் அவை ஒன்றுக்கொன்று இருமம் என்று அவர் கொண்டார். அவ்வாறு கொண்டபின் 1932இல் அவர் நிறுவியது வியக்கத்தக்கது: ஒரு கோட்டுருவுக்கு இந்தப் பொருளில் இருமம் இருக்குமானால், இருந்தால் மட்டுமே, அதை விளிம்புகள் வெட்டிக்கொள்ளாமல் தாளில் வரைய முடியும். மாறாமல் நிற்கும் பண்பைக் கொண்டே, வரைய முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கலாம் என்பது இதன் பொருள். எந்த இரு முனைகளை நீக்கினாலும் துண்டாகாத கோட்டுருவுக்கு, எடுத்துக்காட்டாகக் கனசதுரத்துக்கு, கோளத்தின் மேல் ஒரே ஒரு படமே உண்டு என்பதும் அவர் காட்டியதே. அத்தகைய கோட்டுருவுக்கு இருமமும் ஒன்றே.

விட்னியின் அளவுகோலை ஐந்து முனைகளின்மீது வைத்துப் பார்ப்பது பயன் தரும். ஐந்து முனைகளுள் ஒவ்வொன்றும் மற்ற நான்கோடும் இணைந்த கோட்டுருவுக்கு K₅ என்று பெயர், விளிம்புகள் பத்து. அதற்கு இருமம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டால், அதற்கும் விளிம்புகள் பத்தே. K₅இன் அளாவு மரத்தில் நான்கு விளிம்புகள். எனவே இருமத்தின் மரத்தில் எஞ்சிய ஆறு. எனவே இருமத்தின் முனைகள் ஏழு. K₅இல் மூன்றைவிடக் குறைந்த விளிம்புகளாலான சுழற்சி இல்லை. எனவே இருமத்தில் மூன்றைவிடச் சிறிய வெட்டு இல்லை. ஒரு முனையைத் தனிமைப்படுத்துவதும் வெட்டே ஆதலால், ஏழு முனைகளுள் ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று விளிம்புகள் கூட வேண்டும். ஏழு மும்மூன்று இருபத்தொன்று. ஒவ்வொரு விளிம்புக்கும் இரு நுனிகள் என்பதால் பத்து விளிம்புகளுக்கு இருபது நுனிகளே உண்டு. ஒரு நுனி குறைகிறது. எனவே இருமம் இல்லை. K₅ஐத் தாளில் வெட்டின்றி வரையவும் முடியாது. மூன்று வீடுகளையும் மூன்று கிணறுகளையும் இணைக்கும் பழைய புதிரின் கோட்டுருவுக்கும் இதே கணக்கு செல்லும்: அங்கே விளிம்புகள் ஒன்பது, இருமத்துக்கு முனைகள் ஐந்து, சுழற்சிகள் நான்குக்குக் குறையாதவை, இருபது நுனிகள் வேண்டிய இடத்தில் பதினெட்டே இருக்கின்றன.

இவை அனைத்தும் கோளத்தை நம்பி நிற்பவை. நடுவில் துளையுள்ள உளுந்து வடையின் மேற்பரப்பைப் போன்ற வளையப் பரப்பில் K₅ஐ வெட்டின்றி வரைய முடியும். கட்டம் போட்ட தாளில், வலப்பக்கம் இரண்டு கட்டமும் மேலே ஒரு கட்டமும் நகர்ந்தால் அதே முனைக்குத் திரும்புவதாகவும், இடப்பக்கம் ஒரு கட்டமும் மேலே இரண்டு கட்டமும் நகர்ந்தால் அவ்வாறே திரும்புவதாகவும் வைத்துத் தாளை ஒட்டினால், ஐந்து முனைகளும் பத்து விளிம்புகளும் ஐந்து சதுர முகங்களும் உடைய படம் அமைகிறது. முகத்துக்கு ஒரு முனை வைத்து இருமம் எடுத்தால் மீண்டும் K₅யே கிடைக்கிறது. வரைதல் முறையில் குறை எதுவும் இல்லை. ஆனால் அளாவு மரத்துக்கு நான்கு விளிம்புகள் போக எஞ்சுபவை ஆறு. இருமத்தின் மரத்துக்கு வேண்டியவை நான்கே. எந்த மரத்துக்கும் சேராமல் இரண்டு விளிம்புகள் மிஞ்சுகின்றன. V − E + F இங்கே 2 அன்று, 0. சுழற்சி வெட்டாக மாறும் விதியும் கைவிடுகிறது: வலப்பக்கம் இரண்டு படியும் மேலே ஒரு படியும் சென்று புறப்பட்ட முனைக்கே திரும்பும் முக்கோணத்துக்கு மூன்று விளிம்புகள், இருமமாகிய K₅இல் உள்ள வெட்டுகளோ, ஒரு முனையைப் பிரித்தால் நான்கு விளிம்புகளும் இரு முனைகளைப் பிரித்தால் ஆறு விளிம்புகளும் கொண்டவை, மூன்று விளிம்புகளாலான வெட்டு அதில் இல்லவே இல்லை. அந்த முக்கோணம் வளையப் பரப்பைச் சுற்றிக்கொண்டு வருவதால், அதற்கு உள்பக்கமும் இல்லை, வெளிப்பக்கமும் இல்லை.